கப், ஸ்பூன், கிராம், மில்லி: கேக் குறிப்பை நம் அளவுக்கு மாற்றும்போது எழும் கேள்விகள்

ஒரு கப் என்றால் எத்தனை கிராம்? ஒரே எண்ணாகச் சொல்லிவிடுங்களேன்.

அப்படி ஒரே எண் இல்லை. கப் என்பது ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை அளக்கிறது. கிராம் அதன் எடையை. 240 மில்லி கப் ஒன்றில் மைதாவைப் போட்டால் சுமார் 120 கிராம், சர்க்கரையைப் போட்டால் 200 கிராம், தேனை ஊற்றினால் 340 கிராம். கப் ஒன்றுதான், எடை மூன்று.

அதனால் கேள்வியை எப்போதும் பொருளோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அடிக்கடி தேவைப்படும் சிலவற்றுக்கு 240 மில்லி கப் கணக்கில் எடையைத் தருகிறேன். இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் பெரும்பாலான கேக், பிஸ்கட் குறிப்புகளுக்குப் போதும்.

- மைதா: 120 கிராம்
- சர்க்கரை (சீனி): 200 கிராம்
- பொடித்த சர்க்கரை: 120 கிராம்
- பிரவுன் சுகர், அழுத்தி நிரப்பியது: 215 கிராம்
- கோகோ பவுடர்: 85 கிராம்
- வெண்ணெய்: 227 கிராம்
- எண்ணெய்: 220 கிராம்
- பால், தயிர்: 245 கிராம்

கணக்கு எளிதுதான். குறிப்பில் இருக்கும் கப் எண்ணிக்கையை இந்த எடையால் பெருக்க வேண்டும். ஒன்றரை கப் சர்க்கரை என்றால் 1.5 × 200, அதாவது 300 கிராம்.

அமெரிக்கக் குறிப்பில் வரும் கப்பும் நான் கடையில் வாங்கிய அளவுக் கப்பும் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட ஒன்று. அமெரிக்கக் கப் 237 மில்லி; அங்கே உணவுப் பொட்டலங்களில் அச்சிடும்போது அதை 240 என்று முழுமையாக்கிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவில் 250 மில்லி. நம் ஊரில் விற்கும் பிளாஸ்டிக், ஸ்டீல் அளவுக் கப்களில் 240-உம் உண்டு, 250-உம் உண்டு. பெரும்பாலும் கைப்பிடியிலோ அடியிலோ எழுதியிருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஐந்து அளவுதான். வீட்டில் செய்யும் கேக்கை அது கெடுக்காது.

கெடுப்பது வேறு. டீ குடிக்கும் கப்பில் அளப்பது ஒன்று. ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் அளப்பது இன்னொன்று. குக்கர் கப் ஜப்பானிய அரிசி அளவிலிருந்து வந்தது, 180 மில்லிதான். ஜப்பானியக் குறிப்புகளில் வரும் சாதாரணக் கப்போ 200 மில்லி. இரண்டு கப் மாவு கேட்கும் குறிப்புக்கு குக்கர் கப்பில் அளந்தால் கால் பங்கு மாவு குறைந்துவிடும். முட்டை மட்டும் குறையாமல் அப்படியே இரண்டு போகும்.

கையில் இருக்கும் கப் எத்தனை மில்லி என்று சந்தேகம் வந்தால் தண்ணீரை வைத்தே பார்த்துவிடலாம். தராசில் காலிக் கப்பை வைத்து, எடையை பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கப்பின் மில்லி. தராசு இல்லையென்றால், சீல் உடைக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக நான்கு கப் வந்து பாட்டில் காலியானால் 250 மில்லி கப். நான்கு கப் எடுத்த பிறகும் அடியில் 40 மில்லி அளவுக்கு மிச்சம் இருந்தால் 240. பழைய பாட்டிலை நாமே நிரப்பி அளக்கக்கூடாது. கழுத்துவரை நிரப்பினால் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும்.

குறிப்பு எந்த நாட்டினுடையது என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பொருள் பட்டியலிலேயே அடையாளம் இருக்கும். வெண்ணெயை ‘ஸ்டிக்’ கணக்கில் சொல்லி, ஓவன் சூட்டை ஃபாரன்ஹீட்டில் கொடுத்து, மாவை ‘ஆல் பர்ப்பஸ் ஃப்ளோர்’ என்றால் அது அமெரிக்கக் குறிப்பு. ‘பிளெயின் ஃப்ளோர்’, ‘காஸ்டர் சுகர்’ என்று வந்து, எல்லாம் கிராமில் இருந்து, சூட்டோடு ‘கேஸ் மார்க்’ எண்ணும் இருந்தால் பிரிட்டிஷ். அதே ‘பிளெயின் ஃப்ளோர்’ கப் கணக்கில் வந்து, சூடு செல்சியஸில் இருந்தால் பெரும்பாலும் ஆஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து.

பழைய பிரிட்டிஷ் குறிப்பில் ‘கப்’ என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். அது அரை பைன்ட், 284 மில்லி. இலங்கை, மலேசியா வீடுகளில் பாட்டி காலத்து ஆங்கிலக் குறிப்பு நோட்டுகள் இருந்தால் இந்தச் சந்தேகம் வரும். அப்படிப்பட்ட நோட்டில் மாவும் சர்க்கரையும் அவுன்ஸ் கணக்கில் இருந்தால் அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

கப் சரியான அளவுதான். ஆனாலும் ஒரே கேக் ஒருமுறை பஞ்சு மாதிரி வருகிறது, இன்னொரு முறை இறுகிப்போகிறது. ஏன்?

மைதாவை எப்படி அள்ளுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான்.

மாவு டப்பாவுக்குள் கப்பையே விட்டு அள்ளினால், கப்பின் சுவர் மாவை அழுத்திக்கொண்டே உள்ளே போகிறது. அப்படி அள்ளிய ஒரு கப் 140, 150 கிராம்வரை வரும். மாவை முதலில் கரண்டியால் கிளறிவிட்டு, ஸ்பூனால் கப்பில் மெதுவாகப் போட்டு, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்தால் அதே கப் 120 கிராம். சலித்த மாவைப் போட்டால் இன்னும் குறையும். கப்பை மேடையில் தட்டித் தட்டி நிரப்புகிற பழக்கம் இருந்தால் எடை மறுபடி ஏறிவிடும். மளிகைக் கடைப் பையில் ஒரு மாதம் அடுக்கி வைத்திருந்த மைதாவுக்கும் நேற்று டப்பாவில் கொட்டிய மைதாவுக்கும்கூட வித்தியாசம் தெரியும்.

சர்க்கரையில் இந்தத் தொல்லை இல்லை. அதன் பரல்கள் அழுத்தினாலும் நெருங்காது, எப்படி அள்ளினாலும் 200-ஐ ஒட்டித்தான் நிற்கும். தொல்லை தருபவை மைதா, கோகோ, பொடித்த சர்க்கரை, பால் பவுடர் போன்ற நைசான பொடிகள். ஒரு தராசு வாங்கி, இந்தப் பொடிகளை மட்டும் எடை போட்டு, மற்றதைக் கப்பிலேயே அளந்தாலும் பாதிக்கு மேல் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கப் மைதா எத்தனை கிராம் என்பதில் அமெரிக்கர்களுக்குள்ளேயே ஒரே கணக்கு இல்லை. 120 என்பவர்கள் உண்டு, 125 என்பவர்கள் உண்டு, 142 என்று எழுதுபவர்களும் உண்டு. குறிப்பை எழுதியவரே எங்காவது கிராமும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதுதான் முடிவு, நம் பட்டியல் அதற்குப் பிறகுதான். கொடுக்கவில்லை என்றால் நான் 120-ல் தொடங்கச் சொல்வேன். கலவை ரொம்பத் தளர்வாகத் தெரிந்தால் இரண்டு ஸ்பூன் மாவு சேர்த்துவிடலாம். கூடிப்போன மாவைக் கலந்த பிறகு எடுக்க வழியில்லை.

ஒரு முழுக் குறிப்பை எடுத்து மாற்றிக் காட்ட முடியுமா?

வாழைப்பழக் கேக்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாணிக் குறிப்பு ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மைதா ஒன்றே முக்கால் கப், சர்க்கரை முக்கால் கப், வெண்ணெய் ஒரு ஸ்டிக், பெரிய முட்டை இரண்டு, மசித்த வாழைப்பழம் ஒரு கப், மோர் கால் கப், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். சூடு 350 ஃபாரன்ஹீட்.

மைதா 1.75 × 120, அதாவது 210 கிராம். சர்க்கரை 0.75 × 200, அதாவது 150 கிராம். இரண்டையும் தராசிலேயே போட்டுவிடலாம்.

ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்பது அங்கே விற்கும் காகிதம் சுற்றிய நீளக் கட்டி. அரை கப் அளவு, எடை 113 கிராம். நம் ஊர் 100 கிராம் பாக்கெட் ஒன்றும், கூட ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவும் போட்டால் சரி. நம்மிடம் கிடைப்பது பெரும்பாலும் உப்புப் போட்ட வெண்ணெய். அதைப் போட்டால் தனி உப்பு ஒரு சிட்டிகை போதும்.

முட்டையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அமெரிக்கப் பெரிய முட்டை ஓடு நீங்கலாக 50 கிராம் இருக்கும். நம் கடை முட்டை பலசமயம் அதைவிடச் சிறியது. முட்டைகளை உடைத்து அடித்து 100 கிராம் ஊற்றிக்கொள்ளுங்கள். மூன்று முட்டை தேவைப்பட்டு 20, 30 கிராம் மிஞ்சினால் அது காலை ஆம்லெட்டுக்கு.

வாழைப்பழமும் எண்ணிக்கையில் சொல்ல முடியாத பொருள். ‘மூன்று வாழைப்பழம்’ என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் சொல்வது நீளமான கேவண்டிஷ் வகை, நம் ரொபஸ்டா பழ அளவு. பூவனோ ஏலக்கியோ போட்டால் மூன்று எந்த மூலைக்கும் போதாது. மசித்த பழம் ஒரு கப் என்பது 225 கிராம். தோலுரித்த பிறகு எடை போடுங்கள், எந்த ரகமானாலும் பரவாயில்லை.

மோர் கால் கப், 60 மில்லி. இங்கே மட்டும் அளவை மாற்றினால் போதாது, பொருளையும் மாற்ற வேண்டும். அவர்கள் ‘பட்டர்மில்க்’ என்பது கெட்டியாக, புளிப்பாக இருக்கும். நாம் தாளித்துக் குடிக்கிற மோரை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். புளித்த தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து, தோசை மாவு பதத்துக்குக் கொண்டுவந்து 60 மில்லி எடுத்தால் பொருந்தும்.

சோடாவும் உப்பும் ஸ்பூனிலேயே இருக்கட்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஓவன் 175 முதல் 180 செல்சியஸ்.

இப்போது இதே குறிப்பை 250 மில்லி கப்பால், டப்பாவுக்குள் விட்டு அள்ளி அளந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மைதா 210-க்குப் பதில் 265 கிராம் அளவுக்குப் போயிருக்கும், கால் பங்குக்கு மேல் கூடுதல். கலவையைக் கரண்டியால் எடுத்துக் கவிழ்த்தால் வழிந்து விழாமல் உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்த பிறகு மேலே கூம்பி ஆழமாகப் பிளந்து, வெட்டும்போது பொடிப்பொடியாக உதிரும். அந்த அடையாளங்களைக் கண்டால் ஓவனைக் குறை சொல்வதற்கு முன் மாவின் எடையைப் பாருங்கள்.

இட்லிக்கு நான்கு கப் அரிசி, ஒரு கப் உளுந்து என்கிறோம். அங்கே யாரும் மில்லி பார்ப்பதில்லையே?

பார்க்கத் தேவையில்லை. அது விகிதம். நான்குக்கும் ஒன்றுக்கும் ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்தினால் அது டம்ளராக இருந்தாலும் ஆழாக்காக இருந்தாலும் மாவு ஒன்றுபோலத்தான் வரும். கூடக்குறைய எத்தனை இட்லி என்பதுதான் மாறும். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் என்பதும், கேசரிக்கு ரவையும் தண்ணீரும் அளப்பதும் இதே கதை.

விகிதம் எங்கே உடைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் எல்லாமே கப் கணக்கில் இருந்தால் எந்தக் கப்பானாலும் சரி. கப்போடு சேர்ந்து முட்டை, ‘ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க்’, ‘ஒரு பாக்கெட் ஈஸ்ட்’, ‘200 கிராம் சாக்லேட்’ என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால், அப்போது கப் நிஜமாகவே எத்தனை மில்லி என்று தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் நம் கப் சிறியது என்பதற்காக முட்டை சிறியதாகிவிடாது. குறிப்பைப் படித்ததும் முதலில் இதைத்தான் தேடுவேன். இல்லையென்றால் கணக்கே போட வேண்டாம்.

டேபிள்ஸ்பூன், டீஸ்பூன் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே?

டீஸ்பூன் ஒன்றுதான், 5 மில்லி. டேபிள்ஸ்பூன் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 15 மில்லி, மூன்று டீஸ்பூன். ஆஸ்திரேலியாவில் மட்டும் 20 மில்லி, நான்கு டீஸ்பூன். ஆஸ்திரேலியக் குறிப்பில் புட்டிங்குக்கு 3 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளோர் என்றால் 60 மில்லி. நம்மிடம் இருக்கும் 15 மில்லி ஸ்பூனில் நான்கு போட வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் புட்டிங் கெட்டியாகாமல் வழியும். காய்கறிக் கூட்டுக்கு எண்ணெய் ஊற்றுவதில் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. கார்ன்ஃப்ளோர், ஜெலட்டின், கடல்பாசி மாதிரி கெட்டிப்படுத்தும் பொருள்களில் மட்டும் பார்த்தால் போதும்.

சாப்பாட்டு மேசை ஸ்பூனும் சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூனும் அளவு ஸ்பூன்கள் அல்ல. ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு ஆழத்தில் செய்கிறது. உங்கள் ஸ்பூன் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க வீட்டிலேயே ஒரு நம்பகமான அளவு உண்டு: குழந்தைகளின் இருமல் மருந்தோடு வரும் மூடி. அதில் 5 மில்லி, 10 மில்லி கோடு போட்டிருக்கும். நன்றாகக் கழுவிவிட்டு, 5 மில்லி கோடுவரை தண்ணீர் எடுத்து ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள். ஸ்பூன் சரியாக நிரம்பினால் அது டீஸ்பூன்.

சோடா உப்பு, பேக்கிங் பவுடர், ஈஸ்ட் இவற்றையும் தராசில் போடலாமா?

சாதாரண கிச்சன் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். 3 கிராம் ஈஸ்ட் போடும்போது நிஜத்தில் இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். 210 கிராம் மாவில் அந்த அரை கிராம் தெரியாது. 3 கிராம் ஈஸ்டில் அது ஆறில் ஒரு பங்கு. போதாததற்கு, சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அசையவே அசையாது, பிறகு திடீரென்று எண் தாவும். இதனால் சிறிய அளவுகளுக்கு அளவு ஸ்பூன்தான் நம்பிக்கையானது.

குறிப்பு கிராமில் இருந்தால் இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம். வெளிநாட்டில் விற்கும் ஒரு பாக்கெட் ஈஸ்ட் 7 கிராம், அதாவது இரண்டே கால் டீஸ்பூன். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் 4 முதல் 5 கிராம். சோடா 5 கிராமை ஒட்டி. தூள் உப்பு 6 கிராம்.

ஸ்பூனை மட்டமாக வழிப்பதை இந்தப் பொருள்களில் விடவே கூடாது. கோபுரமாக எடுத்த ஒரு ஸ்பூன் சோடா ஏறக்குறைய இரண்டு ஸ்பூன். கூடிப்போன சோடாவைக் கண்டுபிடிப்பது சுலபம்: கேக் வழக்கத்தைவிடக் கருஞ்சிவப்பாக இருக்கும், நாக்கில் சோப்பு வாடை தட்டும்.

உப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்கக் குறிப்புகளில் ‘கோஷர் உப்பு’ என்று வரும். அது செதில் செதிலாக, இடையில் காற்றோடு இருப்பதால் ஸ்பூனுக்கு எடை குறைவு. ஒரு வகை நம் தூள் உப்பில் பாதி எடைதான் இருக்கும். ‘ஒரு டேபிள்ஸ்பூன் கோஷர் உப்பு’ என்பதற்கு நம் தூள் உப்பை ஒரு டேபிள்ஸ்பூன் போட்டால் வாயில் வைக்க முடியாது. பாதியில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

100 மில்லியும் 100 கிராமும் ஒன்றுதானே?

தண்ணீருக்கு ஆம். பாலுக்கும் தயிருக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 100 மில்லி 92 கிராம்தான். தேன் கனம், 100 மில்லி 140 கிராமுக்கு மேல் வரும். கண்டென்ஸ்டு மில்க் இரண்டுக்கும் நடுவில், 130 கிராம் அளவு. அதனால்தான் 400 கிராம் டின்னைத் திறந்து ஊற்றினால் ஒன்றே கால் கப்தான் வருகிறது. 400 மில்லி வருமென்று எதிர்பார்த்தவர்கள் டின்னில் குறைத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அமெரிக்கக் குறிப்பில் ‘14 அவுன்ஸ் டின்’ என்று வருவது 397 கிராம். நம் 400 கிராம் டின்னை அப்படியே அதற்குப் போடலாம்.

டிஜிட்டல் தராசில் `ml` என்று ஒரு வசதி இருக்கும். அது உள்ளே இருக்கும் பொருளை அறிந்து மாற்றுவதில்லை; எடையைத் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு மில்லியாகக் காட்டுகிறது. தேனை அதில் அளந்தால் 140 என்று காட்டும்போது பாத்திரத்தில் 100 மில்லிதான் இருக்கும். திரையில் `g` இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். `UNIT` பொத்தானில் கை பட்டு `oz`-க்கு மாறிவிடுவது அடிக்கடி நடக்கும்.

அவுன்ஸ் என்று வந்தால் அது எடையா, திரவ அளவா?

இரண்டுக்கும் அதே பெயர்தான், அதனால் பொருளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாவு, வெண்ணெய், சாக்லேட், கிரீம் சீஸ் என்றால் எடை. ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று அதிகம். பால், தண்ணீர், கிரீம் என்றால் திரவ அவுன்ஸ், அமெரிக்காவில் 30 மில்லிக்குச் சற்றுக் குறைவு. குறிப்பில் `fl oz` என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: எட்டுத் திரவ அவுன்ஸ் ஒரு கப் என்று தெரிந்தவர்கள், ‘8 அவுன்ஸ் மைதா’ என்றதும் ஒரு கப் போட்டுவிடுவார்கள். எட்டு அவுன்ஸ் எடை 227 கிராம், கிட்டத்தட்ட இரண்டு கப் மைதா. பாதி மாவோடு கேக் எழும்பவே எழும்பாது.

பைன்ட் வந்தால் நாட்டைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 568 மில்லி, அமெரிக்காவில் 473 மில்லி.

என்னிடம் தராசு இல்லை, குறிப்பு முழுக்க கிராமில் இருக்கிறது. என்ன செய்வது?

பெருக்கியதற்குப் பதில் வகுக்க வேண்டும். 225 கிராம் மைதா என்றால் 225-ஐ 120-ஆல் வகுத்தால் 1.875, அதாவது இரண்டு கப்புக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் குறைவு. 175 கிராம் சர்க்கரை என்றால் 175-ஐ 200-ஆல் வகுக்க 0.875, ஒரு கப்புக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் குறைவு. ஒரு கப்பில் 16 டேபிள்ஸ்பூன் என்பதை மனதில் வைத்தால் தசமத்தை ஸ்பூனாக்குவது சுலபம்.

வெண்ணெய்க்குப் பாக்கெட்டே அளவு: 500 கிராம் கட்டியைப் பாதியாக, அதைப் பாதியாக வெட்டினால் 125. மைதாவும் அரை கிலோ பாக்கெட் வாங்கி, நீளத் தாளில் கொட்டி நான்காகப் பிரிக்கலாம். கண் மதிப்பில் பிரித்தாலும் அள்ளி எடுத்த கப்பைவிட மோசமாக இருக்காது. ஆனால் மாக்கரான், பிரெட் போல மாவும் நீரும் நுணுக்கமாக ஒத்துப்போக வேண்டியவற்றைத் தராசு இல்லாமல் தொடாதீர்கள்.

குறிப்பைப் பாதியாக்கினால் முக்கால் கப், மூன்றில் ஒரு பங்கு கப் எல்லாம் எப்படிப் பாதியாகும்?

ஸ்பூனுக்கு இறங்கிவிடுங்கள். முக்கால் கப் 12 டேபிள்ஸ்பூன், பாதி 6. மூன்றில் ஒரு பங்கு 5 டேபிள்ஸ்பூனும் ஒரு டீஸ்பூனும். பாதி 2 டேபிள்ஸ்பூனும் 2 டீஸ்பூனும். ஒற்றை முட்டையைப் பாதியாக்க, உடைத்து நன்றாக அடித்து 25 கிராம் எடுங்கள். ஸ்பூனில் சொன்னால் ஒன்றரை டேபிள்ஸ்பூனுக்கு மேல் கொஞ்சம்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு என் அதிரசக் குறிப்பை அனுப்ப வேண்டும். நான் ஆழாக்கிலும் கைப்பிடியிலும்தான் அளப்பேன். எப்படி எழுதுவது?

ஆழாக்கு இத்தனை மில்லி என்று எங்கோ பார்த்து எழுதாதீர்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சரி, ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. உங்கள் கையில் இருக்கும் ஆழாக்கைத் தண்ணீர் ஊற்றி எடை போட்டுப் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி, அடுத்த முறை செய்யும்போது தராசைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அரிசி டப்பாவை எடுப்பதற்கு முன் ஒரு எடை, எடுத்த பின் ஒரு எடை. கழித்தால் நீங்கள் போட்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும். உங்கள் கை வழக்கம்போலவே அள்ளட்டும், தராசு குறித்துக்கொள்ளட்டும். கைப்பிடிக் கணக்கில் போடும் ஏலக்காய், சுக்குக்கும் இதே வழி.

அரிசியை ஊறவைப்பதற்கு முன், காய்ந்த நிலையில் எடை போட்டு எழுதுங்கள். ஊறி நிழலில் உலர்ந்த அரிசியிலும் அதை இடித்த ஈர மாவிலும் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது. அந்த எடை மகளுக்கு உதவாது, ஈர மாவைக் கப்பில் அளந்து எழுதினால் இன்னும் மோசம். வெல்லத்தையும் கப்பில் சொல்ல வேண்டாம். துருவினால் ஒரு அளவு, தட்டிப் போட்டால் துண்டுகளுக்கு இடையே காற்று நின்று வேறு அளவு. கிராமில்தான் எழுத வேண்டும்.

பாகுக்கு மட்டும் எந்த அளவும் எழுதாதீர்கள். பதத்தை எழுதுங்கள்: கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். மாவைப் பாகில் கொட்டும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடாமல், கொஞ்சம் மாவை நிறுத்திவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் அரிசி உங்கள் அரிசி அளவுக்கு ஈரம் பிடித்திருக்காது.